சாங்ஷன் என்றால் ஒப்புதலா, தண்டனையா? எதிரெதிர்ப் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டவருக்கு வங்கியிலிருந்து போன் வருகிறது: "உங்க லோன் சாங்ஷன் ஆயிடுச்சு சார்." அன்று மாலையே ஆங்கிலச் செய்தியில், ஒரு கப்பல் நிறுவனத்தை அமெரிக்கா 'சாங்ஷன்' செய்துவிட்டது என்று படிக்கிறார். முதல் சாங்ஷனில் பணம் கைக்கு வருகிறது. இரண்டாவதில் அந்த நிறுவனத்தின் அமெரிக்கச் சொத்தும் கணக்கும் முடங்குகின்றன. எழுத்திலும் உச்சரிப்பிலும் துளி வேறுபாடு இல்லை. பொருள் மட்டும் நேர் எதிர்.

இப்படிப்பட்ட சொல்லை ஆங்கிலத்தில் கான்ட்ரோனிம் என்பார்கள். இரு திசை பார்க்கும் இரண்டு முகங்கள் கொண்ட ரோமானியக் கடவுளின் பெயரால் ஜேனஸ் சொல் என்பதும் உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை, இந்த வித்தை நமக்கும் பழக்கம்தான். 'அணைத்தான்' என்ற சொல்லைத் தனியே நிறுத்தினால் என்ன செய்தான் என்றே தெரியாது. 'குழந்தையை அணைத்தான்', 'விளக்கை அணைத்தான்' என்றால் ஒரு கணமும் யோசிப்பதில்லை. 'திரையிட்டார்கள்' இன்னும் பொருத்தமான உதாரணம்: படத்தைத் திரையிட்டால் ஊருக்கே காட்டுகிறார்கள், வாசலில் திரையிட்டால் மறைக்கிறார்கள். ஆங்கில 'ஸ்க்ரீன்' அப்படியே இதே வேலையைச் செய்கிறது. தமிழில் காது தானாகச் செய்துவிடும் இந்தப் பிரிப்பை ஆங்கிலத்தில் கொஞ்ச நாள் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டும். எங்கே பார்ப்பது என்பதுதான் கீழே வருகிறது.

முதல் படி: நின்று பார்க்க வேண்டிய சொற்களைத் தெரிந்துகொள்வது

ஆங்கிலத்தில் இப்படி எத்தனையோ சொற்கள் உண்டு என்று நீளப் பட்டியல் போடுவார்கள். அவற்றில் பாதி வேடிக்கைக்குச் சேர்த்தவை. அலுவலகக் கடிதத்திலும் செய்தியிலும் சமையல் குறிப்பிலும் உண்மையாகவே காலை வாரும் சொற்கள் கொஞ்சம்தான்: சாங்ஷன், ஓவர்சைட், டேபிள், கிளீவ், டஸ்ட், ஸ்க்ரீன், ரென்ட், லீஸ். இவற்றில் ரென்ட், லீஸ் இரண்டும் எளிது. வாடகைக்கு விடுவது, எடுப்பது இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். பின்னால் 'டு' அல்லது 'அவுட்' வந்தால் விடுகிறார், 'ஃப்ரம்' வந்தால் எடுக்கிறார். அதோடு அவற்றை விட்டுவிடலாம்.

இந்தச் சொற்களில் ஒன்று கண்ணில் பட்டால் மனத்தில் முதலில் தோன்றும் பொருளை நம்பிப் போகாதீர்கள். நம் ஊரில் சாங்ஷன் என்றாலே ஒப்புதல்தான். அரசாணையில் நிதி ஒதுக்கும் வரி 'சாங்ஷன் இஸ் ஹியர்பை அக்கார்டட்' என்று வரும். பொதுப்பணித் துறையில் நிர்வாக சாங்ஷன், தொழில்நுட்ப சாங்ஷன் என்று இரண்டு கட்டம் உண்டு. மின் இணைப்பில் 'சாங்ஷன்ட் லோட்' இருக்கிறது. இதிலேயே பழகியவர் உலகச் செய்தி படிக்கும்போது தலைகீழாகப் புரிந்துகொள்வார். வெளிநாட்டுச் செய்தியிலிருந்து ஆங்கிலம் பழகியவருக்கோ 'சாங்ஷன் லெட்டர்' என்றதும் வயிற்றைக் கலக்கும்.

இரண்டாம் படி: செயல் எதன் மேல் விழுகிறது என்று பார்ப்பது

சொல் வினையாக வந்தால் முதலில் தேட வேண்டியது செயப்படுபொருளை. 'அணைத்தான்' என்றதும் எதை என்று கேட்பது போலத்தான்.

சாங்ஷனுக்கு விதி இது. செயப்படுபொருள் ஒருவர் கேட்டுப் பெறக்கூடிய ஒன்றாக இருந்தால் பொருள் ஒப்புதல்: கடன், விடுப்பு, தொகை, பணியிடம், திட்டம். செயப்படுபொருள் தப்புச் செய்யக்கூடிய ஆளாகவோ அமைப்பாகவோ இருந்தால் பொருள் தண்டனை: மாணவர், வழக்கறிஞர், வங்கி, நிறுவனம், நாடு. 'தி காலேஜ் சாங்ஷன்ட் தி ஸ்டூடன்ட்' என்றால் கல்லூரி அந்த மாணவர்மீது நடவடிக்கை எடுத்தது. 'தி காலேஜ் சாங்ஷன்ட் தி ஸ்டூடன்ட்ஸ் லீவ்' என்றால் மாணவருக்கு விடுப்பு கிடைத்தது. ஒரு சொல் கூடியதில் பொருள் கவிழ்ந்துவிட்டது. அவசரமாகப் படிப்பவர் 'ஸ்டூடன்ட்' வரை பார்த்துவிட்டுத் தாவுகிறார், கடைசியில் நிற்கும் 'லீவ்' கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. செயப்படுபொருள் தொடரின் கடைசிச் சொல்லைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும்போதும் இதே கேள்விதான். 'சாங்ஷன்ட் லோட்' அனுமதித்த மின்சுமை, 'சாங்ஷன்ட் ஸ்ட்ரெங்த்' ஒப்புதல் பெற்ற பணியிடங்களின் எண்ணிக்கை. 'சாங்ஷன்ட் டேங்கர்' என்றால் தடைப் பட்டியலில் ஏறிய எண்ணெய்க் கப்பல். 'ஸ்டேட்-சாங்ஷன்ட்' என்று முன்னால் 'ஸ்டேட்' ஒட்டியிருந்தால் அரசின் ஆசியோடு நடந்தது என்று பொருள். எவ்வளவு கொடுமையான காரியத்தைப் பற்றிப் பேசினாலும் இது மாறாது.

டஸ்ட் என்பதையும் இப்படியே பிடிக்கலாம். 'டஸ்ட் தி ஷெல்ஃப்' என்றால் அலமாரியின் தூசியைத் துடை. 'டஸ்ட் தி கேக் வித் ஷுகர்' என்றால் கேக்கின் மேல் சர்க்கரைப் பொடியைத் தூவு. அலமாரியில் தூசி ஏற்கெனவே இருக்கிறது, அதனால் நீக்குகிறோம். கேக்கில் இல்லை, அதனால் சேர்க்கிறோம். புதிதாகக் கேக் செய்பவர்கள் தடுமாறும் இடம் 'கிரீஸ் அண்ட் டஸ்ட் தி டின்' என்னும் வரி. டின்னில் வெண்ணெய் தடவிவிட்டுத் துணியால் துடைத்தால் தடவியதும் போய்விடும், கேக் அடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே வெண்ணெய்க்கு மேல் மெல்லிசாக மாவு தூவச் சொல்கிறார்கள். அடுத்த வரியிலேயே 'டஸ்ட் ஆஃப் தி எக்ஸஸ்' என்று வரலாம்: ஒட்டாமல் நிற்கும் மாவைத் தட்டிவிடு. 'வித்' வந்தால் தூவு, 'ஆஃப்' வந்தால் தட்டு.

மூன்றாம் படி: பக்கத்தில் நிற்கும் சொற்களைக் கவனிப்பது

சாங்ஷன் பெயர்ச்சொல்லாக வந்தால் செயப்படுபொருள் உதவாது; கூட வரும் வினைதான் காட்டிக்கொடுக்கும். ஒப்புதலானால் அதைக் கோருவார்கள், வழங்குவார்கள், மறுப்பார்கள்: சீக், கிராண்ட், அக்கார்ட், ரெஃப்யூஸ். தண்டனையானால் அதை விதிப்பார்கள், தளர்த்துவார்கள், நீக்குவார்கள், ஏய்ப்பார்கள்: இம்போஸ், ஈஸ், லிஃப்ட், இவேட். இந்த இரண்டு கூட்டமும் பெரும்பாலும் கலப்பதில்லை. கூடவே, 'சாங்ஷன்ஸ்' என்று பன்மையில் வந்தால் பத்துக்கு ஒன்பது முறை தடைதான். 'ஆன்', 'அகெய்ன்ஸ்ட்' என்ற முன்னிடைச் சொற்களும் தடையின் அடையாளமே.

ஆனால் 'ஃபார்' வந்தால் உஷார். அது இரண்டு பக்கமும் ஆடும். 'சாங்ஷன் ஃபார் ப்ரீச்' என்றால் விதியை மீறியதற்கான தண்டனை. 'சாங்ஷன் ஃபார் ப்ராசிக்யூஷன்' என்றால் வழக்குத் தொடர்வதற்கான அனுமதி. பின்னால் வருவது செய்துவிட்ட குற்றமா, இனிச் செய்யப்போகிற காரியமா என்று பார்த்தால் பிரிந்துவிடும்.

இந்த இரண்டாவது தொடர் நம் நாளிதழ்களில் அடிக்கடி வருவதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, அரசு ஊழியர்மீதான ஊழல் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியின் பெயர்தான் சாங்ஷன். அமைச்சர், ஊழல், வழக்கு, குற்றச்சாட்டு என்று வாக்கியம் முழுக்கத் தண்டனை வாடை அடிக்கும். ஆனால் சாங்ஷன் என்ற சொல்லுக்குப் பொருள் அனுமதி. 'சாங்ஷன் மறுக்கப்பட்டது' என்றால் தண்டனையிலிருந்து தப்பினார் என்று எண்ணிவிடக் கூடாது. வழக்குத் தொடர அனுமதி கிடைக்கவில்லை, அவ்வளவே. சூழலைப் பார்க்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சூழலின் வாடை ஏமாற்றும். பக்கத்துச் சொல் ஏமாற்றுவது அரிது.

ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் சாய்ந்தது என்று தெரிந்தால் நினைவில் நிற்கும். லத்தீனில் இதன் வேர், ஒன்றை மீற முடியாதபடி புனிதமாக்கி நிலைநிறுத்துவதைக் குறித்தது. சட்டத்தை அப்படி நிலைநிறுத்த இரண்டு வழி உண்டு: ஆமோதித்து முத்திரை வைப்பது, மீறினால் தண்டனை என்று எழுதுவது. முதல் வழியிலிருந்து ஒப்புதல் வந்தது, இரண்டாவதிலிருந்து தண்டனை வந்தது. நாடுகளுக்கிடையிலான தடை என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் பரவலானது. எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்த இத்தாலிக்கு 1935இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தபோது உலகப் பத்திரிகைகளில் இந்தச் சொல்தான் அடிபட்டது. ஒருவரைத் தண்டிப்பது என்ற வினைப்பொருள் இவற்றுள் இளையது. அதனால்தான் பழைய நடையில் எழுதுபவர்கள் வினையாக வரும் சாங்ஷனை ஒப்புதலுக்கே வைத்துக்கொள்கிறார்கள்.

கிளீவ் கதை வேறு. அது பிரிந்த ஒரு சொல் அல்ல, சேர்ந்துபோன இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு 'கிளியோஃபான்' என்ற வினையும் ஒட்டிக்கொள்வதற்கு 'கிளிஃபியான்' என்ற வேறொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் உச்சரிப்புத் தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் இந்தக் குழப்பத்தை நேரிலேயே பார்க்கலாம். ஆதியாகமம் 22:3இல் ஆபிரகாம் பலிக்கு விறகு பிளக்கிறார், வினை 'கிளேவ்'. ரூத் 1:14இல் மருமகள் மாமியாரை விடாமல் பற்றிக்கொள்கிறாள், அங்கும் வினை 'கிளேவ்'. வேறுபாடு ஒரே ஒரு சின்னச் சொல்லில்: ரூத்தின் வாக்கியத்தில் 'அன்டு' இருக்கிறது, ஆபிரகாமின் வாக்கியத்தில் இல்லை.

இன்றைக்கும் அதே விதிதான். 'கிளீவ் டு' என்றால் ஒட்டிக்கொள், பற்றிக்கொள். 'டு' இல்லாமல் நேராகச் செயப்படுபொருள் வந்தால் பிளந்துவிடு. உயிர்வேதியியல் பாடத்தில் ஒரு நொதி புரதத்தை 'கிளீவ்' செய்கிறது என்றால் வெட்டுகிறது. இறந்தகால உருவமும் ஒரு துப்பு: 'கிளெஃப்ட்', 'க்ளோவன்' இரண்டும் பிளவுக்கு மட்டுமே உரியவை. பிளந்த உதட்டைக் 'கிளெஃப்ட் லிப்' என்பதும், ஆட்டின் இரட்டைக் குளம்பைக் 'க்ளோவன் ஹூஃப்' என்பதும், கசாப்புக் கடை வெட்டுக்கத்தியைக் 'கிளீவர்' என்பதும் பிளக்கும் குடும்பம். ஒட்டும் குடும்பத்தில் அப்படித் தினமும் புழங்கும் பொருள் அரிது. தினசரி ஆங்கிலத்தில் அது கொள்கையையும் பழக்கத்தையும் விடாமல் பற்றியிருப்பதைச் சொல்ல மட்டும் வருகிறது.

நான்காம் படி: எண்ணக்கூடியதா என்று பார்ப்பது

இது ஓவர்சைட் என்ற ஒரு சொல்லுக்கான படி. ஆனால் அலுவலகக் கடிதம் எழுதுபவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான். ஓவர்சைட் கண்காணிப்பையும் குறிக்கும், கவனக்குறைவால் விட்டுப்போனதையும் குறிக்கும். முன்னால் 'ஏ', 'ஆன்' ஜோடியில் வரும் 'ஆன்' என்ற ஒருமைக் குறி வந்தாலோ பன்மையில் வந்தாலோ அது பிழை: ஒரு பிழை, இரண்டு பிழை என்று எண்ணலாம். குறியில்லாமல் வெறுமே நின்றாலும், 'கமிட்டி', 'போர்டு' போன்ற சொல்லுக்கு முன்னால் நின்றாலும் அது கண்காணிப்பு. அதை யாரும் எண்ணுவதில்லை. 'ட்யூ டு ஆன் ஓவர்சைட்' என்பது மன்னிப்புக் கடிதத்தின் நிரந்தர வாசகம். 'அண்டர் தி ஓவர்சைட் ஆஃப்' என்றால் இன்னாரின் மேற்பார்வையில்.

நம்மவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த 'ஆன்' எளிதில் விழுந்துவிடும், தமிழில் அப்படி ஒரு குறி கிடையாதே. 'இட் வாஸ் ஓவர்சைட்' என்று எழுதினால், தவறு நேர்ந்தது என்று சொல்ல வந்தவர் கண்காணிப்பு நடந்தது என்று சொன்னது போலாகிவிடும்.

ஐந்தாம் படி: எந்த நாட்டு ஆங்கிலம் என்று கேட்பது

டேபிள் என்ற வினையிடம் மேலே சொன்ன எதுவும் செல்லாது. 'தி கமிட்டி டேபிள்ட் தி ப்ரொபோசல்' என்ற வாக்கியம் லண்டனிலும் வாஷிங்டனிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. லண்டனில் அந்த யோசனையை விவாதத்துக்கு முன்வைத்தார்கள், வாஷிங்டனில் அதை ஒதுக்கிவைத்தார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்துவிட்டால் அதன் கதை அநேகமாக முடிந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைத்தலைவர்கள் அவசரமாகப் பேச விரும்பிய ஒரு தாளை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்கத் தரப்புக்கு அது இழுப்பறையில் போட்டு மறந்துவிடுவது என்று கேட்டது. இரு தரப்பும் வேண்டியது ஒன்றே என்று புரிவதற்குள் நீண்ட, காரசாரமான வாக்குவாதம் நடந்துவிட்டதாகச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இந்தியா இதில் பிரிட்டிஷ் பக்கம். மக்களவை நிகழ்ச்சி நிரலில் 'பேப்பர்ஸ் டு பி லெய்ட் ஆன் தி டேபிள்' என்று ஒரு பகுதி இருக்கும். சபையின் முன் வைக்கப்படும் ஆவணங்கள் அவை. எனவே தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர் கூட்டக் குறிப்பில் 'டேபிள்ட்' என்று கண்டால் எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவும் தெரியாவிட்டால் பின்னால் வருவதைப் பாருங்கள். 'அன்டில் நெக்ஸ்ட் மன்த்' என்று காலம் வந்தால் தள்ளிவைத்தது. 'ஃபார் டிஸ்கஷன்' வந்தால் முன்வைத்தது. இரண்டும் இல்லையென்றால் எழுதியவரிடம் கேட்பதுதான் வழி. வெட்கப்பட ஒன்றுமில்லை, போர்த் தளபதிகளே மோதிக்கொண்ட இடம்.

ஆறாம் படி: மாற்றிப் போட்டுச் சரிபார்ப்பது

ஒரு முடிவுக்கு வந்ததும் அந்த இடத்தில் இரட்டைப் பொருள் இல்லாத சொல்லை வைத்து முழு வாக்கியத்தையும் படியுங்கள். சாங்ஷனுக்கு அப்ரூவ், பீனலைஸ். ஓவர்சைட்டுக்கு சூப்பர்விஷன், மிஸ்டேக். பிறகு எதிர்ப்பொருளையும் வைத்துப் பாருங்கள். ஒன்று பொருந்தி மற்றது கோணலாக நின்றால் முடிவு சரி.

ஒரு பத்தியில் செய்து பார்க்கலாம். ஒரு வங்கியின் ஆண்டறிக்கையில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"தி போர்டு சாங்ஷன்ட் தி லோன் இன் மார்ச். ட்யூ டு ஆன் ஓவர்சைட், நோபடி செக்ட் தி பாரோவர்ஸ் நேம். இன் ஜூன் தி ரெகுலேட்டர் சாங்ஷன்ட் தி பேங்க். தி போர்டு ஹாஸ் சின்ஸ் ஸ்ட்ரெங்தன்ட் இட்ஸ் ஓவர்சைட் ஆஃப் லெண்டிங்."

முதல் வாக்கியத்தில் செயப்படுபொருள் லோன், கேட்டுப் பெறுவது. எனவே ஒப்புதல். 'பீனலைஸ்' போட்டால் கடனுக்கே தண்டனை கொடுத்தது போலாகும், பொருந்தாது. இரண்டாவதில் 'ஆன் ஓவர்சைட்', எண்ணக்கூடியது, ஆகவே பிழை. கடன் கேட்டவரின் பெயரை யாரும் சரிபார்க்கவில்லை என்ற மிச்ச வாக்கியமும் அதை உறுதி செய்கிறது. மூன்றாவதில் செயப்படுபொருள் பேங்க், நடவடிக்கைக்கு உள்ளாகக்கூடிய அமைப்பு, எனவே தண்டனை. இங்கே மட்டும் 'அப்ரூவ்' போட்டுப் பார்த்தால் வாக்கியம் பெரிதாக இடிக்காது, ஒழுங்குமுறை அமைப்பு வங்கிக்கு ஒப்புதல் தந்தது என்று ஓடிவிடும். அதனால் முன்வாக்கியத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: தவறு நடந்தது, பிறகு ஒழுங்குமுறை அமைப்பு வந்தது. கடைசியில் 'ஓவர்சைட் ஆஃப் லெண்டிங்'. 'ஆன்' இல்லை, பன்மை இல்லை, அதை வலுப்படுத்துகிறார்கள் வேறு. பிழையை யாரும் வலுப்படுத்த மாட்டார்கள், ஆகவே கண்காணிப்பு. நான்கு வாக்கியத்தில் இரண்டே சொற்கள், நான்கு பொருள்.

இவ்வளவு பார்த்தும் தீராத இடங்கள்

செய்தித் தலைப்புதான் முதல் தொல்லை. ஆங்கிலத் தலைப்பில் துணைச்சொற்களை வெட்டிவிடுவார்கள், நாம் துப்பாகப் பிடித்த 'ஆன்', 'டு', 'அகெய்ன்ஸ்ட்' எல்லாம் அதில் போய்விடும். போதாததற்கு, 'சாங்ஷன்ஸ்' என்பது தலைப்பில் பன்மைப் பெயராகவும் இருக்கலாம், நிகழ்கால வினையாகவும் இருக்கலாம். 'சென்டர் சாங்ஷன்ஸ்' என்று தொடங்கினால் பின்னால் கோடியில் ஒரு தொகையோ ஒரு சாலைத் திட்டமோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வினை, ஒப்புதல். தலைப்பில் தெளியாவிட்டால் செய்தியின் முதல் வாக்கியத்தைப் படிக்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது, 'சாங்ஷன்ட் ட்ரேட்' போன்ற தொடர்கள். வணிகம் கேட்டுப் பெறுவதும்தான், தடைக்கு உள்ளாவதும்தான். இங்கே மாற்றிப் போடும் சோதனையில் இரண்டு பொருளும் தேறிவிடும். முழுப் பத்தியையும் படித்துத்தான் சொல்ல முடியும். ஒப்பந்தத்திலோ வங்கிக் கடிதத்திலோ இப்படி வந்தால் ஊகிக்காமல் எழுத்தில் விளக்கம் கேட்டு வாங்குங்கள். 'அன்சாங்ஷன்ட்' என்ற எதிர்மறை மட்டும் நல்ல பிள்ளை. அது பெரும்பாலும் அனுமதியில்லாமல் நடந்ததையே குறிக்கும்.

மூன்றாவது தொல்லை நம் ஆங்கில–தமிழ் அகராதிகள். சாங்ஷனுக்கு எதிரே ஒப்புதல், அனுமதி, தடை, தண்டனை என்று அரைப்புள்ளி போட்டு வரிசையாக வைத்திருப்பார்கள். முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் பாதி நேரம் தப்பாகும். பொருளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியமும் போடும் ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியைத் திறந்து, உங்கள் வாக்கியத்தில் உள்ள அதே வினையோ முன்னிடைச் சொல்லோ எந்த எடுத்துக்காட்டில் இருக்கிறது என்று தேடுங்கள். அந்த எண்ணின் பொருளைத்தான் தமிழில் எழுத வேண்டும்.

நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தத் தலைவலியே வேண்டாம். கடனுக்கு 'அப்ரூவ்', தண்டனைக்கு 'பீனலைஸ்', கூட்டத்தில் முன்வைப்பதற்கு 'ப்ரெசென்ட்', தள்ளிவைப்பதற்கு 'போஸ்ட்போன்' என்று எழுதுங்கள். அரசாணை, வழக்கு அனுமதி போல அந்தச் சொல்லே சட்டப் பெயராக இருக்கும் இடத்தில் மட்டும் சாங்ஷனை மாற்றாதீர்கள். அங்கே 'அப்ரூவல்' என்று போட்டால் எழுத்தர் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்.